அஞ்சலையின் நாற்பது பங்கு

அஞ்சலைக்கு அந்தத் தபால் வந்தபோது அவள் கீழ்வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அனுப்பியவன் மாடிவீட்டில் குடியிருக்கும் அவள் மகன் சுரேந்தர். படியிறங்கி வந்து கொடுத்திருக்கலாம். ஆனால் இயக்குநர் கூட்டத்துக்கான அறிவிப்பு என்பதால் முறைப்படி பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தான். அஞ்சலையை நிர்வாக இயக்குநர் பதவியிலிருந்து விடுவித்து, சுரேந்தரை அந்த இடத்தில் அமர்த்துவது பற்றிப் பேச வேண்டும் என்று அதில் இருந்தது.

தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, மீதிக் கீரையையும் ஆய்ந்து முடித்தாள்.

எல்லையோரக் கிராமமான கோபிநத்தத்திலிருந்து மைசூருக்கு வந்த காலத்தில் அவள் கட்டட வேலையில் சிமெண்டுச் சட்டி தூக்கியவள். கணவன் அய்யாசாமி காய்ச்சலில் போனபோது பிள்ளைகள் இரண்டும் பால்வாடி வயது. எந்தச் சைட்டிலும் கான்கிரீட் போட முடியாமல் மேஸ்திரிகள் காத்துக் கிடப்பது கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் சென்ட்ரிங் தகடும் முட்டும் கிடைக்காமல்தான் என்பதைச் சட்டி தூக்கும்போதே பார்த்திருந்தாள். தொழிலை விட்டுப்போன ஒரு காண்டிராக்டரின் துருப்பிடித்த தகடுகளை வாங்கி, தேய்த்து, எண்ணெய் தடவி வாடகைக்கு விட்டாள். அப்படி வளர்ந்ததுதான் ‘அஞ்சலை சென்ட்ரிங்’. மண்டி மொஹல்லாவின் சந்து ஒன்றில் அலுவலகம், நஞ்சன்கூடு சாலையில் சொந்த நிலத்தில் சாமான் போட்டுவைக்கும் யார்டு.

தொழில் பெருத்ததும் அதைப் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக்கினார்கள். அப்போது வக்கீல் சுசித்ரா, “பாதிக்கு மேலே உங்க கையிலேயே வெச்சுக்குங்கம்மா” என்றாள்.

“பெத்த புள்ளைங்ககிட்டப் போயி என்னங்க கணக்கு?” என்று சிரித்து, தனக்கு நூற்றுக்கு நாற்பது பங்கு வைத்துக்கொண்டு, சுரேந்தருக்கும் மகள் காவேரிக்கும் ஆளுக்கு முப்பது எழுதிக்கொடுத்தாள். மூவரும் இயக்குநர்கள். காசோலையில் கையெழுத்திடும் உரிமை மட்டும் அஞ்சலைக்கே. யார்டு நிலத்தைக் கம்பெனியில் சேர்க்கவில்லை. அது அவள் பெயரில் இருந்தது. கம்பெனி அதற்கு வாடகை கொடுத்தது.

பங்கைக் கொடுத்தாளே தவிர பிடியை விடவில்லை. சுரேந்தர் இன்ஜினியரிங் படித்துவிட்டு வந்து பல வருஷம் ஆகியும், ஒரு லாரி டயர் மாற்றக்கூட அம்மாவின் கையெழுத்துக்கு நிற்க வேண்டியிருந்தது. மைசூர் ஹெப்பாளில் அடுக்குமாடி கட்டும் ஒரு பெரிய பில்டரிடம், கான்கிரீட் வார்க்கும் அலுமினிய அச்சுச் சாமான் வாங்கி வாடகைக்குத் தருவதாக அவன் வாக்குக் கொடுத்தான். அதற்கு யார்டை அடமானம் வைத்து வங்கிக் கடன் வாங்க வேண்டும். விஷயம் தெரிந்ததும் அஞ்சலை அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக பில்டருக்குப் போன் போட்டாள். “அவன் சின்னப் பையனுங்க, தெரியாமச் சொல்லிப்போட்டான்” என்று சொல்லி வேலையை நிறுத்திவிட்டாள்.

அந்தச் சின்னப் பையனுக்கு முன்தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. அடுத்த வாரம்தான் அந்தத் தபால் வந்தது.

கூட்டத்துக்கு காவேரி பெங்களூரிலிருந்து வந்தாள். அஞ்சலை வழக்கமான தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“நீ டைரக்டராவே இரும்மா. சேர்பர்சன்னு பேர் போட்டுக்கலாம். தசராவுக்கு ஒரு ஃபங்ஷன் வெச்சு, மாலை போட்டு கௌரவம் பண்ணிடலாம். தினப்படி வேலைய நான் பாத்துக்கறேன், அஷ்டே, அவ்ளோதான்” என்றான் சுரேந்தர், மைசூர்க் கன்னடம் கலந்து.

“மாலையைப் போட்டுச் செவுத்துல மாட்டறதுக்கு நான் என்ன செத்தா போயிட்டேன்? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு. பூச்சுத்தாதே.”

“சரி. நீ எம்.டி.யா இருக்கறது எனக்கு பேடா, வேண்டாம்.”

“அதைச் சொன்னியே, அது பேச்சு.”

வாக்கெடுப்பில் காவேரி அண்ணன் பக்கம் கை தூக்கினாள். இரண்டுக்கு ஒன்று. பதவி போனது. காசோலைக் கையெழுத்தும் சுரேந்தருக்கு மாறியது.

“நீயுமாடி?” என்றாள் அஞ்சலை.

“அண்ணா கொடுத்த வாக்க நீ போன்லயே ஒடச்சிட்டேம்மா. இனிமே எந்த பில்டர் அவன நம்புவான்?”

அஞ்சலை எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள்.

அன்றே சுசித்ராவின் அலுவலகத்துக்குப் போனாள். சுசித்ரா காகிதங்களைப் பார்த்துவிட்டு ஒளிக்காமல் சொன்னாள். “பதவிய எடுத்தது செல்லும்மா. ரெண்டு பேர் பங்கும் சேந்தா அறுபது. பங்குதாரர் கூட்டம் கூட்டி, முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து, நீங்க பேசறதயும் கேட்டுட்டு, டைரக்டர் பதவியக்கூட எடுக்கலாம். ஆனா கம்பெனியோட சட்டதிட்டத்த மாத்தணும்னா நூத்துக்கு எழுபத்தஞ்சு ஓட்டு வேணும். உங்க நாப்பது இல்லாம அது ஆகாது. அப்புறம் யார்டு உங்களுது. வாடகை ஒப்பந்தம் முடியப்போகுது. புதுப்பிக்காம விட்டா அவங்க காலி பண்ணித்தான் ஆகணும்.”

“காலி பண்ணுனா சாமானை எங்க கொண்டுபோயிப் போடுவான்? கம்பெனி செத்துப்போயிருமுங்க. அதைச் செய்ய மாட்டேன்.” காகிதங்களை மடித்துப் பையில் வைத்தாள். “ஆனா அடமானத்துக்குக் கையெழுத்தும் போட மாட்டேன். எவன் வந்து சொன்னாலும் சரி.”

முதலில் சொல்ல வந்தது அவள் தம்பி மாணிக்கவாசகம். ஊரிலிருந்து பாலாறு செக்போஸ்ட் தாண்டி பஸ் மாறி மாறி வந்து, “வயசாச்சக்கா. புள்ளைக்கு விட்டுக்குடுத்துட்டுக் கோயில் கொளம்னு இரு” என்றான்.

“உன்ற காட்டை உன்ற மவனுக்கு எழுதிக் குடுத்துட்டியா?”

அவன் சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டான்.

பிறகு சுரேந்தரே இறங்கி வந்தான். நிலப் பத்திரமும் நிலத்துக்காரியின் கையெழுத்தும் இல்லாமல் கடன் இல்லை என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள்.

“எம்.டி. ஆக்கிட்டு லோன் வாங்க விடலன்னா என்னம்மா அர்த்தம்?”

“நான் எங்க ஆக்குனேன்? நீதானே ஆயிக்கிட்டே. நாற்காலியை எடுத்தே, செரி. நெலம் அதோட ஒட்டிக்கிட்டு வராது.”

அவன் போகவில்லை. வாசற்படியிலேயே நின்றான். “நாளைக்கு நீ இல்லேன்னா? அன்னிக்குத்தான் நான் மொதல் செக்ல கையெழுத்துப் போடக் கத்துக்கணுமா? தப்பு பண்ணறதுக்காவது எனக்கு ஒரு எடம் விட்டியா நீ?”

அவன் வயதில் அவள் யாரையும் கேட்காமல் எத்தனையோ தப்புப் பண்ணியிருந்தாள். அந்தத் தப்புகளில் கற்றதுதான் இந்தத் தொழில்.

“அந்தப் பில்டருக்குப் போன் போட்டது தப்புத்தான்” என்றாள். “உங்கிட்டச் சொல்லியிருக்கோணும். ஆனா பூமியை அடகு வெக்கோணும்ங்கறது இப்பவும் தப்புத்தான். ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பாதே.”

அந்த மாதம் பங்குதாரர் கூட்டத்தில் மூவரும் ஒப்புக்கொண்டு கம்பெனியின் சட்டதிட்டத்தைத் திருத்தினார்கள். தினப்படி நிர்வாகம், ஆள் சேர்ப்பது, வாடகை பேசுவது, காசோலை எல்லாம் சுரேந்தருக்கு. அதில் அஞ்சலை தலையிடக் கூடாது. பெரிய கடன், அடமானம், புதுப் பங்குதாரரைச் சேர்ப்பது ஆகிய மூன்றுக்கும் மூன்று இயக்குநர்களின் சம்மதமும் வேண்டும். யார்டுக்கு அஞ்சலை நீண்டகாலக் குத்தகை எழுதிப் பதிவு செய்தாள், பின்பக்கத்துத் துண்டு நிலத்தை மட்டும் தனக்கென்று நிறுத்திக்கொண்டு. சேர்பர்சன் பட்டத்தை மறுபடியும் மறுத்தாள்.

மூவர் சம்மதத்தோடு சுரேந்தர் வாங்கும் சாமானையே ஈடாக வைத்துக் கடன் வாங்கினான். அதனால் நினைத்ததில் பாதிச் சாமான்தான் வாங்க முடிந்தது. ஹெப்பாள் பில்டர் அதற்குள் வேறு ஆளிடம் போய்விட்டார். சின்னதாக வேறொரு வேலை கிடைத்தது. அம்மா மேல் அவனுக்குக் கோபம் முழுதாகத் தீரவில்லை. அவளும் தீர்க்க முயலவில்லை.

நிறுத்திக்கொண்ட துண்டு நிலத்தில் அவள் கான்கிரீட் கலக்கும் மிக்சர் வண்டிகளை வாடகைக்கு விட வாங்கி நிறுத்தினாள், தன் ஒருத்தி பெயரில். சுரேந்தர் பதறினான்.

“கம்பெனிக்கே போட்டியாம்மா?”

“உங்க கம்பெனில மிக்சர் இருக்குதா? இல்லையில்ல. வக்கீலக் கேட்டுட்டு, டைரக்டருங்க போர்டுலயும் எழுதிக் குடுத்துட்டேன். போயிப் பாரு.”

மிக்சரோடு போன முதல் சைட்டில் பழைய மேஸ்திரி ஒருவர் அவளைப் பார்த்து, “மகன்கிட்ட ஒப்படைச்சிட்டு ஓய்வுல இருக்கீங்கன்னாங்களேம்மா?” என்றார்.

“எவன் சொன்னான்?” என்றாள் அஞ்சலை. சேலையைச் செருகிக்கொண்டு மிக்சரின் கைப்பிடியைப் பிடித்துத் திருப்பினாள். “ஜல்லியக் கொட்டச் சொல்லுங்க.”