தயாளனின் லைட்டர்

சேலையூரில் குடியிருந்த பிருந்தா பள்ளி ஆசிரியை. அவள் கணவன் தயாளன் வங்கி அதிகாரி. சிகரெட் பற்றவைக்கும்போதெல்லாம் லைட்டரைச் சொடுக்கி, நான்கு வயது மகள் நிவேதாவுக்கு வித்தை காட்டுவான். பிருந்தா எத்தனை முறை சொன்னாலும் கேட்கமாட்டான்.

ஒரு ஞாயிறு காலை கட்டிலுக்கடியிலிருந்து பொசுங்கல் வாடை வந்தது. நிவேதா அப்பாவின் லைட்டரால் பொம்மையின் பாவாடையைக் கொளுத்தியிருந்தாள். பிருந்தா அவளை வெளியே இழுத்து, தண்ணீரூற்றித் தீயை அணைத்தாள்.

தயாளன் மகளை அடிக்கக் கை ஓங்கினான். “சனியனே, அறிவிருக்கா?”

“அதை உங்களையே கேட்டுக்குங்க” என்றாள் பிருந்தா. வீட்டிலேயே பெரிய மடையன், அடிக்க வேறு வருகிறானே என்றிருந்தது அவளுக்கு.

மகளை மடியில் இருத்திக்கொண்டாள். “நெருப்பு எப்படி வருதுன்னு பார்க்க ஆசையா இருந்துச்சா?”

நிவேதா தலையாட்டினாள்.

“அது விளையாட்டுச் சாமான் இல்லடா. சீக்கிரம் பரவிடும், உன்னையும் சுட்டுடும். லைட்டரோ தீப்பெட்டியோ எங்க கிடந்தாலும் தொடாம அம்மாகிட்ட வந்து சொல்லு.”

லைட்டரும் தீப்பெட்டியும் மேல் அலமாரிக்குப் போயின. பூட்டிய சாவி பிருந்தாவிடம்.

மறுவாரமே நிவேதா ஓடி வந்தாள். “அம்மா, அப்பா புது லைட்டரை சோபாவுல போட்டிருக்காங்க. நான் தொடல.”

பிருந்தா மகளை அணைத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற தயாளனை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.