புகை வராத வீடு

சித்தூரில் ஒரு தமிழ் வார இதழில் துணையாசிரியனாக இருந்தேன். ஆந்திர மாநிலம் பிரிந்துவிட்டது. எந்த ஊர் எந்தப் பக்கம் என்பதுதான் முடிவாகவில்லை. நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் நிருபர்கள் ஒரே மகஜரைப் பற்றி ஒரே வார்த்தைகளில் எழுதி அனுப்புவார்கள். ஒன்றை அச்சுக்குக் கொடுத்துவிட்டு மற்றதைக் கூடையில் போடுவேன். இந்த வேகத்துக்காக ஆசிரியர் என்னைப் பாராட்டியிருக்கிறார்.

எங்கள் அச்சகம் புத்தகமும் போட்டது. மிஷன் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்த டீச்சரம்மா ஒருவர் தன் நாவலை நோட்டு நோட்டாகக் கொண்டுவந்தார். ஐம்பதைத் தாண்டியவர், அதுதான் அவருடைய முதல் நாவல். அதைத் திருத்தும் பொறுப்பு எனக்கு.

விஜயபுரம் பக்கத்துக் கிராமத்தில் அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொள்கிறார்கள். கிணறு மட்டும் பொது. அண்ணன் தம்பியின் தண்ணீர் முறையை மறுக்கிறான், பேச்சு நின்றுபோகிறது. இது மூலக்கதை. நடுவில் மூன்று அத்தியாயங்கள், அதே தெருவில் ஒரே வீட்டைச் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்ட இரண்டு விதவை ஓரகத்திகளைப் பற்றியவை. அவர்களுக்குள்ளும் பேச்சில்லை.

நடுநோட்டைப் படித்ததுமே நீல பென்சிலை எடுத்தேன். இங்கேயும் பாகம், அங்கேயும் பாகம். இங்கேயும் மௌனம், அங்கேயும் மௌனம். ஒரே செய்தி இரண்டு முறை. மூன்று அத்தியாயங்களையும் அடித்துக் கொடுத்தேன். யோசனையாகச் சொல்லியிருக்க வேண்டியதை முடிவாகவே சொல்லிவிட்டேன்.

டீச்சர் அடித்த பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார்.

"கடைசியில இதுக்கு வேலை இருக்கே, தம்பி?"

"படிக்கறவங்க புரிஞ்சிக்குவாங்க டீச்சர்."

"நீ பேப்பர் ஆளு. கத்திரியாலதான் படிப்ப," என்று சிரித்தார். "சரி, உனக்குத் தெரியாததா."

கடைசி நோட்டு பிறகு வந்தது. எழுத்துப்பிழை மட்டும் பார்த்து அச்சுக்கு அனுப்பினேன். அடுத்த நாள் காலை, எழுத்துக் கோப்பவர் அந்தத் தாளோடு என் மேஜைக்கு வந்தார்.

"சார், தம்பிக்காரன் வூட்டுல பொகை வரல. அதுக்கு இந்த அண்ணங்காரன் ஏன் கயனியிலேர்ந்து ஓடிக்கினு வரான்? அவுங்க துன்னா என்ன, துன்னாட்டி என்ன இவனுக்கு? ரெண்டு வருசமா மூஞ்சியே பாக்கல."

தாளை வாங்கிப் படித்தேன். நான் அடித்த அத்தியாயங்களில், சுவருக்கு அந்தப் பக்கம் ஓரகத்தியின் அடுப்பில் மூன்று நாளாகப் புகை வரவில்லை. இந்தப் பக்கத்து ஓரகத்தி பார்க்கிறாள், ரோஷத்தில் போய்க் கேட்கவில்லை. நாலாம் நாள் கதவை உடைக்கிறார்கள். பாடையில் ஒரு பக்கம் தோள் கொடுப்பவன் இந்த அண்ணன்தான். "பொகை வரலன்னு பாத்தேன், கேக்கல" என்று அவள் அவனிடம்தான் சொல்கிறாள்.

இரண்டு கதைகளும் ஒன்றுபோல ஆரம்பித்ததைத்தான் பார்த்திருந்தேன். ஒன்று முடிந்த விதம்தான் இன்னொன்றை வேறு விதமாக முடிக்க வைக்கிறது என்பதைப் பார்க்கவில்லை. கிளைக்கதை மூலக்கதையையே திரும்பச் சொன்னால் எடுத்துவிடலாம். மூலக்கதையின் ஆளை அது அசைக்கிறதா என்று கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு அல்லவா கேட்டிருக்க வேண்டும்?

நடுப்பகுதிப் பக்கங்கள் அச்சாகி, கோத்த ஈய எழுத்தைக் கலைத்தும் ஆகிவிட்டது. மூன்று அத்தியாயங்களை மீட்க வழியில்லை. ஆனால் கடைசி அத்தியாயம் இன்னும் அச்சேறவில்லை. அந்தச் சாவையும் அவள் சொன்னதையும் அண்ணன் நினைத்துப் பார்ப்பதாக அரைப்பக்கம் போதும். முழுதும் ஈடாகாது, காரணமாவது தெரியும். டீச்சர் வீடு நாலு தெரு தள்ளி இருந்தது. போய், நான் அவசரப்பட்டுவிட்டேன் என்று சொல்ல வேண்டும்.

"அவங்க அப்படித்தான் எழுதியிருக்காங்க. கோத்துடுங்க," என்றேன்.

எழுத்துக் கோப்பவர் என்னை ஒரு முறை பார்த்தார். "ஆவட்டும் சார்."

புத்தகம் வெளிவந்த பிறகு, திருப்பதியில் ஒரு தமிழ்ச் சங்கத்தில் அதைப் பற்றிப் பேச டீச்சரைக் கூப்பிட்டார்கள். நானும் போனேன். முன்வரிசையிலிருந்து ஒரு வக்கீல் எழுந்தார்.

"எல்லாம் நல்லாருக்குதும்மா. அண்ணன் ஏன் ஓடறான்? ரெண்டு வருசக் கோவம் ஒரு பொகையில போய்டுமா? முடிக்கணுமேன்னு முடிச்ச மாதிரி இருக்குது."

சிலர் சிரித்தார்கள். மூன்றாம் வரிசையில் இருந்த நான் எழுந்து ஒரு வாக்கியம் சொன்னால் போதும். டீச்சர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"எனக்கு அந்த எடம் சரியா எழுத வரலைங்க," என்றார்.

ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து வந்தோம். பாகாலாவில் டீ வாங்கி என்னிடம் ஒரு தம்ளரை நீட்டினார்.

"நீ எடுத்ததுல தப்பில்ல தம்பி. அது இல்லாமலே புரியற மாதிரி நான் எழுதியிருக்கணும். இனிமே எழுதறதா இல்ல."

எழுத்துக் கோப்பவர் கேட்டதை அப்போதாவது சொல்லியிருக்கலாம். டீ ரொம்பச் சூடு என்றேன். சித்தூர் வரும்வரை அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு எங்கள் அச்சகத்துக்கு அவர் நோட்டு எதுவும் கொண்டுவரவில்லை.