நான்கு கதிரைகளுக்கு முன்னால்

என் மனைவி றிப்னாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை இழுத்தடிக்க எனக்குப் பொறுமை இல்லை. மாத்தளைப் பிரதான வீதியில் ஒரு துணிக்கடையில் இருபது வருடங்களாக நிற்பவன் நான். வாடிக்கையாளர் வாயைத் திறக்கும்போதே அவருக்கு வேண்டியது சட்டைத் துணியா சாறியா என்று நானே சொல்லிவிடுவேன். "அன்ஸாப் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும்" என்று முதலாளி புகழ்வார். அந்தப் புகழை வீட்டுக்கும் கொண்டுபோனதுதான் நான் செய்த மடத்தனம்.

உக்குவெலப் பக்கத்தில் எங்கள் வீடு. அங்கும் சுற்றுவட்டத்திலும் மிளகுக் கொடி இல்லாத வளவு குறைவு. எட்டு வருடங்களாக றிப்னா வீடு வீடாகப் போய், மிளகைத் தார் வீதியில் கொட்டிக் காயவைக்காதீர்கள், படங்கு விரித்துக் காயப்போடுங்கள் என்று பெண்களிடம் சொல்லிவந்தாள். யாரும் அவளுக்கு அந்த வேலையைக் கொடுக்கவில்லை. கெட்டுப்போன மிளகைப் பார்த்தால் அவளுக்குத் தாங்காது, அவ்வளவுதான். இதையே வேலையாகச் செய்ய கள அலுவலர் தேவை என்று பலாபத்வெலப் பக்கத்திலுள்ள ஓர் ஏற்றுமதி நிறுவனம் விளம்பரம் போட்டது. வயது நாற்பதுக்கு மேற்படக் கூடாது. றிப்னாவுக்கு நாற்பது முடிய இரண்டு மாதம் இருந்தது. இதை விட்டால் இனி எந்த விளம்பரமும் அவளுக்காக வராது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

பயம் எங்களுக்கு நேர்முகப் பரீட்சையில்தான். போன வருடம் கண்டியில் ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் போயிருந்தாள். உள்ளே மூன்று ஆண்கள், ஒரு பெண். பெண் இருக்கும் இடத்தில் பெண்ணிடம்தான் பேசுவது எங்கள் பெண்களின் வழக்கம். கிளினிக்கில், வங்கியில், பாடசாலைக் கூட்டத்தில் எங்கே போனாலும் கண் முதலில் தேடுவது ஒரு பெண்ணைத்தான். கேள்வி கேட்டதெல்லாம் ஆண்கள். றிப்னா பதில் சொன்னதெல்லாம் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து. அந்தப் பெண் குறிப்பெழுத வந்தவர், புள்ளி போடும் அதிகாரம் அவருக்கு இல்லை. பதில்கள் நல்லவைதான், ஆனால் எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை, ஊர்க்காரர்களோடு எப்படிப் பழகுவார் என்று தலைவர் கேட்டாராம். அங்கே வேலை செய்யும் ஒருவர் மூலம் பிறகுதான் இது தெரியவந்தது. 

இந்த முறை உதவிக்கு வந்தவன் பக்கத்து வீட்டு டிலக்சன். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து படித்து, ஒன்பது நேர்முகப் பரீட்சைகளில் தோற்று, பத்தாவதில் ஒரு காப்புறுதிக் கம்பனிக்குள் நுழைந்தவன். தோற்ற ஒன்பதையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறான். வென்றவர்களுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது, தோற்றவனிடம் கேளுங்கள் என்பான். நான் அவனைக் கிண்டல் செய்வேன், ஆனால் கொப்பியைப் பார்த்தபோது வாயை மூடிக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் நான்கு பிளாஸ்டிக் கதிரைகளை வரிசையாகப் போட்டான். ஒன்றில் நான், ஒன்றில் அவன், ஒன்றில் என் தங்கை பீபி. நான்காவது கதிரை காலி. வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கும் ஒருவர் கட்டாயம் இருப்பார், அவரும் புள்ளி போடுவார், அந்தக் கதிரையையும் பார்த்துப் பேசவேண்டும் என்றான். கேள்வி கேட்டவரைப் பார்த்துப் பதிலைத் தொடங்க வேண்டும். இரண்டு மூன்று வசனம் போனதும் மற்றவர்களிடம் பார்வையைக் கொண்டுபோக வேண்டும், ஆளுக்கு ஒரு வசனம் சொல்லி முடிக்கும் நேரம். காற்றாடி மாதிரித் தலையைச் சுற்றக் கூடாது. கடைசி வசனத்துக்குக் கேட்டவரிடமே திரும்பிவர வேண்டும்.

அந்நிய ஆண்களை அப்படி முறைத்துப் பார்ப்பதா என்று பீபி இழுத்தாள். கண்ணுக்குள் பார்க்கத் தேவையில்லை, இரண்டு புருவத்துக்கும் நடுவில் பார்த்தால் போதும், எதிரில் இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது என்றான் டிலக்சன். அது றிப்னாவுக்குப் பிடித்துவிட்டது. அன்று மாலை முழுக்க எங்கள் மூவரின் நெற்றியையும் காலிக் கதிரையின் முதுகையும் பார்த்துப் பேசினாள். பார்வைப் பாடம் ஒரே நாளில் முடிந்தது.

குறுக்கே பேசுவதைச் சமாளிக்கும் பாடம் அடுத்த நாள். அந்தப் பாத்திரத்தை நான் கேட்டு வாங்கினேன், எனக்கென்றே செய்த பாத்திரம் அல்லவா. மிளகை உலர்த்துமுன் ஒரு நிமிடம் வெந்நீரில் அமிழ்த்துவது ஏன் என்று டிலக்சன் கேட்டான். நிறம் ஒரே சீராகக் கறுக்கும், பூஞ்சணமும் குறையும் என்று அவள் தொடங்கினாள். "ஈரம் எத்தனை வீதம்?" என்று பாய்ந்தேன். பன்னிரண்டு என்றாள். அதோடு நின்றாள். வெந்நீர்ப் பதில் பாதியில் அப்படியே ஆறிப்போனது. மறுபடி தொடங்கினோம், மறுபடி பாய்ந்தேன், மறுபடி நின்றாள். பெருமூச்சுவிட்டு, இவளுக்கு இது வராது போல என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

 டிலக்சன் என்னைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு பீபியைக் குறுக்கே பேசச் சொன்னான். றிப்னா பீபிக்குப் பதில் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அவனே குறுக்கிட்டுப் பார்த்தான். அதற்கும் தடுமாறவில்லை. என்னிடம் மட்டும்தான் அவள் நின்றுபோகிறாள்.

 பீபி தேநீர் வைக்கிறேன் என்று எழுந்து போனாள். நான்தான் கேட்டேன், ஏன் என்று.

"நீங்க எடையில பூந்து பேசினா, அதோட அந்தப் பேச்சு முடிஞ்சிச்சுன்டு எனக்குப் பழகிப் போச்சு" என்றாள் றிப்னா. அதில் கோபம் இல்லை. அரிசி முடிந்துவிட்டது என்று சொல்வதுபோல் சொன்னாள். கோபத்தோடு சொல்லியிருந்தால் நான் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். 

நான் விலகிக்கொள்கிறேன், வேறு யாரையாவது உட்காரவையுங்கள் என்றேன். டிலக்சன் விடவில்லை. "அன்ஸாப் நானா, நீங்கதான் வேணுங்க. அக்கா உங்ககிட்ட பேசி முடிச்சாங்கன்னா உலகத்துல எவன்கிட்டயும் பேசிருவாங்க" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அவன் சொன்னது உண்மை.

நான்கு மாலைகள் நான் குறுக்கே பேசுவதையே தொழிலாகச் செய்தேன். இத்தனை வருடம் நினையாமல் செய்ததை நினைத்துச் செய்வது எவ்வளவு கேவலமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. குறுக்கிடுபவரோடு மல்லுக்கட்டக் கூடாது, அவர் முடிக்கும்வரை கேட்க வேண்டும், சுருக்கமாகப் பதில் சொல்ல வேண்டும், பிறகு முதல் கேள்வியைக் கேட்டவர் பக்கம் திரும்பி, முன்னால் கேட்டதையும் முடித்துவிடுகிறேன் என்று சொல்லித் தொடர வேண்டும். இதுதான் டிலக்சனின் பாடம். முதல் மூன்று மாலையும் அவள் குரல் என் முன்னால் பாதியில் தேய்ந்தது. நான்காம் மாலை நான் பாய்ந்தபோது, முழுதாகக் கேட்டு, ஒரே வசனத்தில் பதில் சொல்லிவிட்டு, டிலக்சனின் நெற்றிக்குத் திரும்பி வெந்நீர்க் கதையைக் கடைசிவரை சொல்லி முடித்தாள். நான் எழுந்து வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

நேர்முகப் பரீட்சை அன்று மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போனேன். நிறுவனத்துக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஐம்பது நிமிடம். வெளியே வந்தவளின் முகத்தை வைத்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. என்ன ஆயிற்று, என்ன கேட்டார்கள், சரிவருமா என்று பத்துக் கேள்விகள் என் நாக்கின் நுனியில் நின்றன. அத்தனையையும் தேநீரோடு விழுங்கினேன்.

அவளாகவே சொன்னாள். நான்கு பேர். நடுவில் தலைவர், ஒரு பக்கம் ஏற்றுமதி முகாமையாளர், மறுபக்கம் ஓர் அம்மணி, ஓரத்தில் பேசாமலே எழுதிக்கொண்டிருந்த ஒரு முதியவர். எல்லாம் சிங்களத்தில். ஈரம் அளக்கும் கருவி இல்லாத வீட்டில் மிளகு காய்ந்ததை எப்படித் தெரிந்துகொள்வது என்று தலைவர் கேட்டிருக்கிறார். பல்லில் வைத்துக் கடித்தால் படக்கென்று உடைய வேண்டும், நசுங்கினால் இன்னும் ஒரு நாள் வெயில் வேண்டும் என்று இவள் சொல்லும்போதே, வில்கமுவைப் பக்கத்துக் கிராமங்களுக்குப் பேருந்து குறைவு, எப்படிப் போவீர்கள் என்று முகாமையாளர் வெட்டினார். அதே மூச்சில் அம்மணி, அந்தப் பெண்கள் நீங்கள் சொல்வதைக் கேட்பார்களா என்றார். இருவரும் ஒரே நேரத்தில். இவள் முகாமையாளரைப் பார்த்து, உங்களுக்கு முதலில் சொல்லிவிட்டு மேடத்தின் கேள்விக்கு வருகிறேன் என்றிருக்கிறாள். தனக்கு ஸ்கூட்டி ஓட்டத் தெரியும், அனுமதிப் பத்திரமும் இருக்கிறது என்று அவருக்கு. ஒரு மிளகைக் கடித்துக் காட்டினால் எந்தப் பெண்ணும் கேட்பாள் என்று அம்மணிக்கு. பிறகு தலைவரிடம் திரும்பி, நீங்கள் கேட்டதில் பாதி மிச்சம் இருக்கிறது என்று சொல்லி அதையும் முடித்திருக்கிறாள். அப்போதுதான் ஓரத்துப் பெரியவர் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாராம்.

கடைசிக் கேள்வி அந்தப் பெரியவருடையது. இவ்வளவு ஆர்வம் இருப்பவர் ஏன் விவசாயம் படிக்கவில்லை என்று கேட்டார்.

"என்னன்டு சொன்ன?" என்று கேட்டேன். அன்று நான் கேட்ட ஒரே கேள்வி அது.

"உள்ளத சொன்னேன்" என்றாள் றிப்னா. உயர்தரம் எழுதிய பின் விவசாய டிப்ளோமாவுக்கு விண்ணப்பித்திருந்தாளாம். எங்களுக்குக் கலியாணம் முடிந்து மூன்றாம் மாதம் நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வந்ததாம். குண்டசாலை விவசாயக் கல்லூரிக்கு வரச் சொல்லி. எனக்கு அது தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

"அண்டைக்கு ராவு சாப்பாட்டுல உங்கட்ட சொல்ல எடுத்தேன். கடிதம் ஒன்டு வந்திரிக்குன்டு சொல்லக்குள்ளயே, கரண்ட் பில்லா, நான் பாத்துக்கிறேன்டு சொல்லிட்டு கடை விசயத்த சொல்லத் தொடங்கினீங்க. நீங்க அண்டைக்கு ரொம்பச் சந்தோசமா இரிந்தீங்க. அதோட நான் உட்டுட்டேன்."

அந்த இராத்திரி எனக்கு ஞாபகமே இல்லை. கடை விசயம் என்ன என்பதும் ஞாபகம் இல்லை. பதினேழு வருடம் ஒரே தலையணையில் படுத்தவள், தான் எழுதிக் கேட்ட வாழ்க்கையை இன்று காலை முன்பின் தெரியாத நான்கு பேரிடம் முழுதாகச் சொல்லியிருக்கிறாள். அவர்கள் கேட்டார்கள், நான் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் மறுபடி பேசத் தொடங்கியிருந்தாள். அந்தக் கடிதம் எந்த நிறத்தில் இருந்தது, அதை எத்தனை நாள் அலுமாரிக்குள் வைத்திருந்தாள், போகாத அந்த நாளில் என்ன சமைத்தாள் என்று.

நான் மன்னிப்பை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.