மூன்று வெற்றுக் கட்டங்கள்

என் நாட்குறிப்பில் அந்த ஆகஸ்ட் மாதத்துக்கு மட்டும் சிவப்பு மை அதிகம். செங்கல்பட்டில் விலங்கியல் விரிவுரையாளராக இருந்த நான், நாற்பத்து நான்காம் வயதில் பகுதிநேர முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தேன். மாதம் முடிவதற்குள் ஆய்வுத் தலைப்பைக் கொடுக்க வேண்டும். தவறினால் கல்லூரி தந்திருந்த அனுமதி போய்விடும்.

என் வழிகாட்டி என்னைவிட ஏழு வயது இளையவர். முதல் வேலையாக, மடவை மீனைப் பற்றிய ஒரு பழைய ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தைச் சுருக்கித் தரச் சொன்னார். முன்னோர் செய்த ஆய்வுகள் அத்தனையையும் அலசும் அத்தியாயம் அது. இதுவரை யாரும் தொடாதது எது என்று அதிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும். ஏட்டை வெளியே தரமாட்டார்கள் என்பதால் சென்னை நூலகத்தில் உட்கார்ந்து ஒன்பது நாள் கையால் எழுதினேன். பதினாறு பக்கம் வந்தது.

வழிகாட்டி நான்கு பக்கம் புரட்டினார்.

"சார், இது சுருக்கம் இல்ல. அதே அத்தியாயத்தைப் பொடி எழுத்துல எழுதியிருக்கீங்க. இவர் இதைச் சொன்னார், அவர் அதைச் சொன்னார். சரி, யாரு எதைச் செய்யல?"

"கடைசிப் பத்தியில, மேலும் ஆய்வு தேவைன்னு அவரே சொல்லியிருக்காரே சார்."

"அது எல்லாரும் எழுதுறதுதான். அந்த ஏடு வந்து ஆறு வருஷம் ஆச்சு. அவர் தேவைன்னு சொன்னதை இதுக்குள்ள யாராவது செஞ்சு முடிச்சிருப்பாங்க."

அவமானமாக இருந்தது. வீட்டுக்கு வந்து முறையை மாற்றினேன். அந்த ஆறு வருஷத்தில் வந்தவற்றையும் தேடிச் சேர்த்து, ஓர் ஆய்வுக்கு ஓர் அட்டை, மொத்தம் நாற்பத்தொன்று. பெயரும் ஆண்டும் சிவப்பில், முடிவு நீலத்தில். பிறகு அவற்றில் இனப்பெருக்கம் பற்றிய பதினெட்டை மட்டும் பிரித்து ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டேன். இடப்பக்கம் ஆய்வாளர்கள், மேலே மாதங்கள். அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றும் மேலிருந்து கீழ்வரை வெறுமையாக இருந்தன. மழைக்கால மீனை ஒருவர்கூட அறுத்துப் பார்க்கவில்லை. தலைப்பு கிடைத்துவிட்டது என்று அன்று மட்டும் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

வழிகாட்டி அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். "பதினெட்டு பேருமே சேர்ந்து மறந்திருப்பாங்களா? ஏன் காலியா இருக்குன்னு தெரியாம இதை எடுத்துக்கிட்டு ஆய்வுக் குழு முன்னால போகாதீங்க."

மறுநாள் திருப்போரூரில் பஸ் மாறிக் கோவளம் போனேன். கரையில் மீன் கூறுபோட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம், மழை மாதங்களில் மடவை கிடைக்குமா என்று கேட்டேன்.

"இன்னா சாரு, அடமழையில கட்டுமரம் எங்க போவும்? வூட்டுல குந்திகினு கெடப்பாங்கோ. கரையில மீனு ஏது?"

தாளை மடித்துப் பையில் வைத்தேன். இத்தனை நாள் உழைப்பும் வீண். அந்த அம்மாள் மீனை வழித்துப் போட்டபடியே தொடர்ந்தாள்.

"கழி மொகத்துக்குப் போய்ப் பாரு. மழைத் தண்ணி மொகத்து மணல ஒடைக்கசொல்ல வீச்சு வலை போட்டா, வயிறு நெறைய சினையோட மடவ வரும். இவ்ளோ படிச்சவங்கோ இத்தக் கேக்கலியா?"

கேட்கவில்லை. பதினெட்டு பேரில் எத்தனை பேர் கடற்கரையில் இறங்கிய மீனை வாங்கினார்கள், எத்தனை பேர் கழிமுகத்தில் பிடித்தார்கள்? பஸ்ஸிலேயே அட்டைகளைப் புரட்டினேன். ஆண்டு, இதழ், பக்கம், முடிவு எல்லாம் இருந்தன. மீன் எங்கிருந்து வந்தது என்று ஓர் அட்டையிலும் இல்லை. எழுத இடமே விட்டிருக்கவில்லை. இரண்டு நிற மையில் அழகாகச் செய்த வேலை அது.

மீண்டும் நூலகம். அந்த அத்தியாயத்தில் பாதிப் பேருக்குத்தான் இடம் குறித்திருந்தது. மற்றவர்களுக்கு மூலக் கட்டுரைகளைத் தேட வேண்டியிருந்தது. இரண்டு இதழ்த் தொகுதிகள் பைண்டிங்குக்குப் போயிருந்தன. இடம் தெரிந்த பதின்மூன்று பேரும் கடற்கரையில் வாங்கியவர்கள்; மீதி ஐந்து அட்டைகளில் 'இடம் தெரியவில்லை' என்று எழுதிக் கொண்டுபோனேன்.

"அந்த அஞ்சும் கழிமுகமா இருந்தா? அப்ப மழை மாசம் காலியா இருக்க வேற காரணம் இருக்குன்னு ஆகும்" என்றார் வழிகாட்டி. கையெழுத்துப் போடவில்லை.

மீதி நான்கு நாளில் வேறு இரண்டு நூலகங்களில் ஏறி இறங்கினேன். நான்கு பேர் கடற்கரையில் வாங்கியவர்கள். ஐந்தாமவர் கழிமுகத்தில் பிடித்தவர்தான். கட்டத் தாளை விரித்து அவர் வரிசையைப் பார்த்தேன். அவர் பிடித்தது மார்ச்சிலும் ஏப்ரலிலும் மட்டும்; மழையில் மீன் இல்லை என்று விட்டவர் அல்ல.

கடைசி நாள் பிற்பகல் தலைப்பில் 'கழிமுகத்தில்' என்ற சொல்லைச் சேர்த்து வழிகாட்டி கையெழுத்திட்டார்.

"அந்த அம்மா சொன்னதை ஆதாரமாப் போடலாமா சார்?" என்று கேட்டேன்.

"வேண்டாம். அக்டோபர்ல நீங்களே போய் நனைஞ்சு பிடிங்க."

வீட்டுக்கு வந்ததும் புது அட்டைகளில் முதல் வரியை, மீன் பிடித்த இடத்தை எழுதவென்று கோடு போட்டு ஒதுக்கி வைத்தேன்.