பாலத்துக்கு அடியில் நின்றவர்

வாழ்க்கை வரலாற்றுக் களஞ்சியத்தின் அலுவலகத்தில் அவருக்கு ‘ஆதாரம் அக்கா’ என்று பெயர் விழுந்து ரொம்ப நாளாயிற்று. அச்சுக்குப் போகுமுன் கட்டுரைகளைச் சரிபார்ப்பது அவர் வேலை. “இது எங்கிருந்து தெரியும்?” என்று எல்லோரையும் கேட்டுக் கேட்டு அவருக்கே அலுத்துவிட்டது.

ரயில் பாலம் கட்டிய பொறியாளர் ஒருவரைப் பற்றிய கட்டுரை வந்திருந்தது. முதல் ரயில் ஓடியபோது, தன் வேலைமேல் இருந்த நம்பிக்கையில் பாலத்துக்கு அடியில் போய் நின்றாராம். ஐந்து புத்தகங்களில் அப்படித்தான் இருந்தது.

அக்கா ஐந்தையும் மேசையில் பரப்பினார். கடைசிப் புத்தகம் அதற்கு முந்தையதை ஆதாரமாகக் காட்டியது, அது இன்னொன்றை. ஒன்றில் பொறியாளரோடு மனைவியும் நின்றார், அடுத்ததில் கைக்குழந்தையும் சேர்ந்துகொண்டது. எல்லாம் போய் முட்டிய முதல் புத்தகம், பாலம் திறந்து அறுபது வருடம் கழித்து வந்தது. கதை எங்கே கிடைத்தது என்று அதில் ஒரு வார்த்தை இல்லை.

பொறியாளர் இறந்த கையோடு வந்த வாழ்க்கை வரலாறு வேறு மாதிரி. எழுதியவர் ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் கொடுத்திருந்தார். என்ஜின்களைப் பாலத்தில் நிறுத்தி, அது எவ்வளவு தாழ்கிறது என்று அளந்த சோதனை அறிக்கையையும் சுட்டியிருந்தார். ஆவணக் காப்பகத்தில் அக்கா அதைப் பார்த்தார். அளவுகள் ஒத்துப்போயின, அடியில் பொறியாளரின் கையெழுத்தும் இருந்தது. அடியில் நின்ற கதை இந்த இரண்டிலும் இல்லை.

கட்டுரையிலிருந்து அந்த வரியை நீக்கப்போவது தெரிந்து பொறியாளரின் பேத்தி நேரில் வந்துவிட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியை.

“அஞ்சு பேர் எழுதியிருக்காங்க. அஞ்சு பேருமா பொய் சொல்றாங்க?”

“பொய்னு சொல்லலைங்க. நாலு பேர் ஒருத்தரைப் பார்த்து எழுதியிருக்காங்க. அந்த ஒருத்தர் யாரைப் பார்த்து எழுதினாருன்னுதான் தெரியல.”

“எங்கப்பாவே சொல்லியிருக்காரு!”

அக்கா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். இதைக் கேட்கவே மனம் வரவில்லை. “அந்தப் புத்தகம் வர்றதுக்கு முன்னாடியா, அப்புறமா?”

“அந்தப் புத்தகத்தைத்தான் படிச்சுக் காட்டுவாரு,” என்றார் பேத்தி, குரல் இறங்கி. “அப்போ அது நடக்கலையா?”

“நடந்திருக்கலாம். நடந்ததுன்னு சொல்ல என்கிட்ட எதுவும் இல்ல.”

தலைமை ஆசிரியர் எட்டிப்பார்த்தார். “அதையே ரெண்டு வரியா எழுதி அனுப்பிடும்மா. அச்சகத்துல கத்துறாங்க.”

அக்கா எழுதினார்: சோதனை அறிக்கையில் பொறியாளர் கையொப்பமிட்டுள்ளார். பாலத்துக்கு அடியில் நின்றதாகப் பிற்கால நூல்கள் கூறுகின்றன. அதற்கு அக்காலத்து ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.

பேத்தி படித்துப் பார்த்தார். காப்பகத்துக்கு எந்த பஸ் போகும் என்று மட்டும் கேட்டார். அக்கா சொல்லிவிட்டு அடுத்த கட்டுரையை இழுத்து வைத்துக்கொண்டார். ஒரு பாடகியைப் பற்றியது. பிறந்த வருடமே இரண்டு விதமாக இருந்தது.