பூட்டிய ஃபோனில் அடிக்காத மணி

புது ஃபோன் வாங்கிய நேரமோ என்னவோ, எனக்கு டூட்டி அழைப்பே வராமல் போயிற்று. வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு. ஆபீஸ் உழவர்கரையில். தங்களுக்கென்று ஓர் ஆப் செய்து வைத்திருக்கிறார்கள், அதில்தான் கூப்பிடுவார்கள். எடுக்காவிட்டால், வர மறுத்துவிட்டதாக எடுத்துக்கொண்டு வேறு ஆளை அனுப்பிவிடுவார்கள்.

அப்படித்தான் சாரம் பகுதியில் இருந்த மதாம் வீடு என் கையை விட்டுப் போனது. பிரெஞ்சு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்ததிலிருந்து என் கையால்தான் சாப்பிடுவார். வாராவாரம் ஆபீஸ் கூப்பிட்டுக் கேட்ட பிறகுதான் அங்கே போக வேண்டும். நாமாக அந்த வீட்டுக்கு ஃபோன் போடக் கூடாது என்பது ஆபீஸ் சட்டம். நான் வர மாட்டேன் என்று சொன்னதாக மதாம் நம்பியிருப்பாரே என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

நேரே ஆபீசுக்குப் போய் மேலாளரம்மாவிடம் கத்தினேன்.

"ஒரு கால் கூட அடிக்கல மேடம். சத்தியமா!"

"அடிக்கலையா? இப்பப் பாரு."

ஆப்பைத் திறந்து ஃபோனை மேஜைமேல் வைத்தேன். அவர் கூப்பிட்டார். கணீரென்று அடித்தது. எனக்கு மானமே போயிற்று. இப்படியே இன்னொரு முறையும் நடந்தது.

அதற்கடுத்த வாரம் ஆப் செய்த தம்பியே என்னை ஆபீசுக்கு வரச் சொன்னார். வழக்கம்போல ஆப்பைத் திறக்கப் போனேன்.

"வேணாம்க்கா. வீட்ல எப்படிக் கிடக்குமோ அப்படியே பூட்டி வைங்க."

அவர் கூப்பிட்டார். சத்தமே இல்லை. திரையும் இருட்டாகவே கிடந்தது. எடுத்துப் பார்த்தால் பூட்டுத் திரையில் சின்னதாய் ஓர் அறிவிப்பு மட்டும்.

"நம்ம ஆப்புல மணி, கால் வர்ற திரை தெரிஞ்சாத்தான் அடிக்கும். ஆப்பு திறந்திருந்தா அது தானா வந்துடும். பூட்டியிருந்தா முழுத்திரை அனுமதி வேணும். பழைய ஃபோன்ல அது தானா கிடைச்சிருந்துச்சு. புது ஆண்ட்ராய்டுல நாமதான் குடுக்கணும்."

ஃபோனின் அமைப்புகளுக்குள் போய், ஆப்ஸ், சிறப்பு அணுகல், முழுத்திரை அறிவிப்புகள் என்று தேடி எங்கள் ஆப்புக்கு நேராக இருந்த பொத்தானைத் தள்ளிவிட்டார். மறுபடி பூட்டி, கூப்பிட்டார். திரை முழுக்க வெளிச்சம், மணி!

"அடப்பாவி, இவ்ளோதானா!" என்றேன். மேலாளரம்மா அன்று சாயங்காலமே மதாம் வீட்டு டூட்டியைத் திரும்பக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை ஃபோன் அடித்த கதையை மதாமிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். அவருக்கு வாய் இன்னும் கோணல்தான், வார்த்தை மெதுவாகத்தான் வரும்.

"வர மாட்டேன்னு சொன்னியாமே?"

"ஐயோ, இல்ல மதாம்!"

"தெரியும். அவ அப்படிச் சொல்ற ஆளில்ல, போய் ஃபோனைப் பாருங்கன்னு நான்தான் ஆபீசுக்குச் சொல்லி அனுப்பிச்சேன்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

"அழுவாத. கஞ்சி ஆறுது, ஊட்டு," என்றார் மதாம்.