மாரீஸ்வரி விலையை நிறுத்திய விதம்

அருப்புக்கோட்டை நூல் மில்லில் வேலை பார்க்கும் மாரீஸ்வரி, ஐந்து வருஷத்தில் நாலு லட்சம் சேர்த்துவிடுவதென்று பிடிவாதமாக இருந்தாள். டவுனுக்கு வெளியே மதார் சாகிபு கட்டி விற்கும் வீடு அப்போது இருபது லட்சம். ஐந்தில் ஒரு பங்கு கையிலிருந்தால் மீதிக்கு லோன் தருவதாக பேங்கில் சொல்லியிருந்தார்கள்.

தீபாவளிக்குக்கூடச் சேலை எடுக்காமல் நாலு வருஷத்தில் மூன்று லட்சத்து அறுபதாயிரம் சேர்த்தாள். நாற்பதாயிரம்தான் பாக்கி என்று போய் நின்றால், வீடு இருபத்து நாலு லட்சமாம்! இப்போது கையில் வேண்டியது நாலு லட்சத்து எண்பதாயிரம்.

“ஏன் பாய், நான் சேக்கச் சேக்க நீங்க ஏத்திக்கிட்டே போவீகளோ?”

“நானா தாயி ஏத்துறேன்? கம்பியும் சிமெண்டும்ல ஏறுது. அடுத்த வருஷம் இருபத்தாறு.”

கணவன் மதன்குமார் அவள் கையை இழுத்தான். “வா, இன்னும் ரெண்டு வருஷம் சேப்போம்.”

“சேத்துட்டு வந்து இதே மாதிரி முழிக்கவா?” அவள் சிமெண்டு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். “பாய், இப்ப ரெண்டு லட்சம் அட்வான்ஸு தாரேன். இருபத்து நாலுன்னு அக்ரிமெண்ட் எழுதிப் பதிஞ்சு குடுங்க. ஒண்ணரை வருஷத்துல மீதி.”

“தவறுனா அட்வான்ஸு போயிரும், தாயி.”

“தவறாது. பத்திரச் செலவுக்கு இந்தச் சங்கிலிய வித்துக்கிறேன். எழுதுங்க.”

வெளியே வந்ததும் மதன்குமார் முனகினான். “அப்ப இந்தத் தீபாவளிக்கும் ஒனக்குச் சேலை கெடையாது.”

“ஒங்களுக்கு வேட்டியும் கெடையாது.”